பிந்தி வந்த தயிரும் கெட்டுப்போன வட்டிலப்பமும்: எவ்வளவு பணத்தைத் திருப்பிக் கேட்பது நியாயம்?

கடந்த கச்சான் காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டேகால் மணிக்கு, தெஹிவளையில் உள்ள என் சாச்சி வீட்டு முற்றத்தில் மூன்று காட்போட் பெட்டிகள் திறக்கப்பட்டன. முதல் நாள் இரவு எட்டு மணிக்கு அட்டாளைச்சேனையில் கொழும்பு பஸ்ஸில் ஏற்றப்பட்ட பெட்டிகள் அவை. கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த சாச்சியின் மகன், ஊர்ச் சாமான் சாப்பிட வேண்டும் என்று கேட்டதால் ஓர்டர் செய்யப்பட்டவை. ஆறு சட்டி எருமைத் தயிர், இரண்டு தட்டு வட்டிலப்பம், இரண்டு கிலோ தொதல். காலை ஐந்தரைக்கு வந்திருக்க வேண்டிய பஸ், பலாங்கொடைக்கு அருகே பழுதாகி, பகல் பன்னிரண்டரைக்குத்தான் வந்தது. அது ஜும்ஆ நேரம். வீட்டு ஆண்கள் எல்லோரும் பள்ளியில். பெட்டிகளை எடுத்துவர இன்னும் ஒன்றேமுக்கால் மணித்தியாலம் போனது.

ஒரு தயிர்ச் சட்டி வெடித்து, தயிர் பெட்டி முழுவதும் வழிந்திருந்தது. மற்ற ஐந்தும் கடும் புளிப்பு. வட்டிலப்பத்தின் மேல் நீர் விட்டிருந்தது, வாசனையும் சரியில்லை. தொதலுக்கு ஒன்றும் ஆகவில்லை, எண்ணெய் கொஞ்சம் கசிந்திருந்தது, அவ்வளவுதான்.

அன்று மாலையே தொலைபேசிச் சண்டை ஆரம்பமானது. சாச்சி முழுத் தொகையையும் கேட்டார். பொருட்களுக்கு 11,200 ரூபா, பஸ் கூலி 1,200 ரூபா, மொத்தம் 12,400. விற்றவரோ, "நான் பஸ்ஸில ஏத்தி உட்டுட்டேன் தாத்தா, அதோட என்ட பொறுப்பு முடிஞ்சி. பஸ் பழுதானதுக்கு நான் என்ன செய்ய?" என்றார். ஊர்க்காரர், தெரிந்த குடும்பம், ஆகவே அடுத்த ஓர்டரில் 1,500 ரூபா கழித்துத் தருவதாகச் சொன்னார். இடையில் நடுவராக மாட்டிக்கொண்டது நான். ஊடகம் படித்தவளுக்குச் சட்டமும் தெரிந்திருக்கும் என்பது எங்கள் குடும்பத்தின் பழைய நம்பிக்கை.

இரண்டு பேரின் பேச்சிலும் பாதி நியாயம் இருந்தது. ஆனால் இருவருமே கணக்கைத் தவறான இடத்தில் இருந்து தொடங்கினார்கள். இருவரும் பேசியது பஸ் எத்தனை மணித்தியாலம் பிந்தியது என்பதைப் பற்றி. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தச் சூட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் என்ன நடந்தது, அதில் எதற்கு இந்தத் தாமதம் காரணம், எதற்குக் காரணமில்லை?

வட்டிலப்பத்தில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் பஸ் தாமதத்துக்கும் அதற்கும் உண்மையில் பெரிய தொடர்பே இல்லை. தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி சேர்த்து ஆவியில் அவித்தெடுக்கும் பண்டம் அது. இனிப்பு இருக்கிறதே, அது பண்டத்தைக் காக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சீனிப்பாகு போல அடர்ந்த இனிப்பில் கிருமி வளராது என்பது சரி, ஆனால் வட்டிலப்பத்தில் ஈரம் அதிகம், அதில் உள்ள இனிப்பு அந்த அளவுக்குப் போதாது. முட்டையும் பாலும் கலந்த ஈரமான உணவை 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடையில் வைத்திருப்பதுதான் ஆபத்து. அமெரிக்க விவசாயத் திணைக்களம் பொதுமக்களுக்குச் சொல்லும் விதி எளிமையானது: இப்படியான உணவு குளிர்சாதனத்துக்கு வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளிச் சூடு 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம்தான். எங்கள் கரையோரத்தில் கச்சான் அடிக்கும் மாதங்களில் 32 பாகை என்பது நல்ல நாள்.

இந்த வட்டிலப்பம் வியாழன் அஸருக்குப் பின் அவித்து, மஃரிபுக்கு முன் இளஞ்சூட்டோடு தட்டில் மூடி, பெட்டியில் போட்டு ஒட்டப்பட்டது. இதை விற்றவரே பிறகு என்னிடம் சொன்னார், மறைக்கவில்லை. ஐஸ் இல்லை. அப்படியானால் பஸ் சொன்ன நேரத்துக்கு, காலை ஐந்தரைக்கே வந்திருந்தாலும், அது பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் வெதுவெதுப்பான பெட்டிக்குள் இருந்திருக்கும். ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டிருப்பார்கள், வாசனையும் தெரிந்திருக்காது, சனிக்கிழமை வீட்டில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்திருக்கக் கூடும். பஸ் பழுதானது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

திரும்ப அவித்தால் சரியாகிவிடும் என்று ஒரு மாமி சொன்னார். ஆகாது. கையிலிருந்து உணவுக்குப் போகும் ஸ்டபிலோகொக்கஸ் போன்ற கிருமிகள் வளரும்போது விடுகின்ற நஞ்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. கிருமி செத்துவிடும், நஞ்சு இருக்கும். எனவே வட்டிலப்பத்துக்குப் பாதி விலை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்றில் அது உணவு, இல்லாவிட்டால் குப்பை.

தயிரின் கதை வேறு. பாலைத் தயிராக்கும் பக்டீரியாக்கள் சட்டி உறைந்தவுடன் வேலையை நிறுத்துவதில்லை. குளிரில் மெதுவாகும், சூட்டில் வேகமாகும். பஸ்ஸின் அடியில் உள்ள சாமான் அறை, அதிலும் எஞ்சின் பின்பக்கம் இருக்கும் பஸ்களில், தயிர் உறைய வைக்கும் சூட்டுக்கு நெருங்கிய சூட்டில் இருக்கும். அதாவது அந்த இரவு முழுவதும் தயிர் தொடர்ந்து "உறைந்துகொண்டே" வந்தது. புளிப்பு ஏறியது, கட்டி சுருங்கி நீர் பிரிந்தது. இதில் இன்னொரு விடயமும் இருக்கிறது. மண்சட்டியின் சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாவதால்தான் சட்டித் தயிர் ஓரளவு குளிர்ச்சியாக நிற்கிறது. கடையில் தாளோ பொலித்தீனோ போட்டுக் கயிறு கட்டி, சட்டியின் பக்கங்களைத் திறந்த வெளியில் வைக்கிறோம். அதே சட்டியை மூடிய காட்போட் பெட்டிக்குள் ஆறாக அடுக்கினால் காற்றில்லை, ஆவியாதலும் நின்றுவிடுகிறது. பஸ் குலுக்கலில் அடிச்சட்டியில் விரிசலும் விழுகிறது.

ஆனால் புளித்த தயிர் கெட்ட தயிர் அல்ல. அந்தப் புளிப்பே பல கிருமிகளைத் தடுக்கிறது. நீர் பிரிந்திருந்தால் வடித்துவிடலாம். மேலே நுரைத்துக் குமிழி விட்டிருந்தாலோ, கள் வாடை அடித்தாலோ, பச்சை, கறுப்பு, ரோஸ் நிறத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தாலோ கொட்டிவிட வேண்டும். சாச்சி வீட்டு ஐந்து சட்டியிலும் இவை எதுவும் இல்லை. பாணியோடு சாப்பிட முடியாது, ஆனால் மூன்று சட்டி ஞாயிற்றுக்கிழமை பிரியாணி இறைச்சிக்கு ஊறப் போனது, இரண்டு மோரானது. கிடைத்த பொருளுக்கு ஒரு விலை இருந்தது, கேட்ட பொருளின் விலை இல்லை.

தொதலுக்கு விளக்கம் தேவையில்லை. மணிக்கணக்காகக் கிண்டி, நீர் வற்றி, எண்ணெய் பிரியும்வரை காய்ச்சிய பண்டம். ஒரு பகல் பிந்தியதால் அதற்கு எதுவும் நடக்காது. எண்ணெய் கசிவது கெட்டதற்கான அடையாளமல்ல. அந்த 3,000 ரூபாவைத் திருப்பிக் கேட்டது சாச்சியின் கோபம்தான்.

இனி விற்றவரின் வாதத்துக்கு வருவோம்: பஸ்ஸில் ஏற்றியதோடு பொறுப்பு முடிந்தது என்பது. இதை வாய்ச்சவடால் என்று தள்ளிவிட முடியாது. இலங்கையில் அசையும் பொருட்களின் விற்பனையை இன்றும் ஆள்வது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். பிரித்தானியாவின் 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏறத்தாழ அப்படியே எடுத்து எழுதப்பட்டது. பொருளை வாங்குபவருக்கு அனுப்பும்படி ஏற்பாடு இருந்தால், அதைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைப்பது வாங்கியவரிடம் ஒப்படைத்ததாகவே முதல் நோக்கில் கருதப்படும் என்று அது சொல்கிறது. பிரித்தானியா தன் பாவனையாளர்களைப் பொறுத்தவரை இந்த விதியைக் கைவிட்டுவிட்டது. அங்கே 2015 ஆம் ஆண்டுச் சட்டப்படி பொருள் வாங்குபவரின் கைக்கு வரும்வரை ஆபத்து விற்பவருடையது. விற்றவரின் பேச்சில் இருந்தது, அவருக்கே தெரியாமல், 130 வருடப் பழைய சட்டம்.

ஆனால் அதே சட்டத்தில் அடுத்த வரியும் உண்டு. கொண்டுசெல்பவரோடு விற்பவர் செய்யும் ஏற்பாடு, பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாடாக இருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் பொருள் வழியில் கெட்டால், பஸ்ஸில் ஏற்றியதைத் தனக்கு ஒப்படைத்ததாக ஏற்க வாங்கியவர் மறுக்கலாம். ரசீது இல்லாமல், ஐஸ் இல்லாமல், எஞ்சினுக்கு அருகில் தயிரையும் முட்டைப் பண்டத்தையும் போடுவது அவற்றின் தன்மைக்கு ஏற்ற ஏற்பாடா? இல்லை என்று நான் சொல்வேன். கொண்டக்டரின் கையில் காசைக் கொடுத்துவிட்டு, பெட்டியில் இரண்டு தொலைபேசி இலக்கங்களை எழுதிவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். சேலைக்கும் மருந்துத் துண்டுக்கும் அது போதும்.

இந்தச் சிக்கல் நீதிமன்றம் போன ஒரு பழைய வழக்கு தயிரை வைத்து அல்ல, முயல்களை வைத்து. 1877 இல் இலண்டன் மொத்த வியாபாரி ஒருவர் பிரைட்டனில் இருந்த சில்லறை வியாபாரிக்கு ரயிலில் முயல் இறைச்சி அனுப்பினார். ரயிலில் ஏற்றும்போது நல்ல நிலையில் இருந்தது, வழக்கமான நேரத்தில் போய்ச் சேர்ந்தபோது அழுகியிருந்தது. பீர் எதிர் வோக்கர் என்ற அந்த வழக்கில் நீதிமன்றம் சொன்னது: பொருள் நல்லது என்று விற்பவர் தரும் உத்தரவாதம் ரயில் நிலையத்தோடு முடிவதில்லை, சாதாரணப் பயணம் முடிந்து வாங்கியவர் அதைக் கையாள வாய்ப்புக் கிடைக்கும்வரை நீடிக்க வேண்டும். வட்டிலப்பத்துக்கு இது அச்சொட்டாகப் பொருந்துகிறது. சாதாரணப் பயணத்தையே தாங்காத பொருளை அனுப்பியவர், பயணம் அசாதாரணமாக நீண்டதைக் காரணம் காட்ட முடியாது.

தயிருக்கு அப்படியே பொருந்தாது. ஒன்பதரை மணித்தியால இரவுப் பயணத்தை நல்ல தயிர் தாங்கும், ஊரிலிருந்து கொழும்புக்குக் காலங்காலமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் கெடுத்தது பழுதான பஸ்ஸின் ஏழு மணித்தியாலங்கள். ஆகவே இங்கே பஸ்காரரின் பங்கு வருகிறது. பஸ் பழுதாவது யாருடைய குற்றமும் இல்லாமல் இருக்கலாம். அதன் பிறகு என்ன செய்தார்கள் என்பதே கேள்வி. 1921 இல் தீர்ப்பான ஸ்பிரிங்கர் எதிர் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஜேர்சித் தீவிலிருந்து வந்த தக்காளி, காலநிலையால் கப்பல் மூன்று நாள் பிந்தி, பின் வேமௌத் துறைமுகத்தில் வேலைநிறுத்தத்திலும் மாட்டிக்கொண்டது. அழுகத் தொடங்கியதைக் கண்ட ரயில்வே கம்பனி, உரிமையாளரைக் கேட்காமல் அங்கேயே விற்றுவிட்டது. காலநிலைக்கும் வேலைநிறுத்தத்துக்கும் கம்பனியை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் உரிமையாளருக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்க முடியும், அனுப்பவில்லை. அதற்காகவே கம்பனி நட்டஈடு செலுத்த வேண்டி வந்தது. 1921 இல் தந்தி அனுப்பியிருக்கலாம் என்றால், பெட்டியின் மேலேயே இரண்டு கைத்தொலைபேசி இலக்கம் எழுதியிருந்த இந்தக் காலத்தில்? அதிகாலை இரண்டு மணிக்குப் பஸ் நின்றது. சுபஹுக்குப் பிறகாவது ஒரு அழைப்பு வந்திருந்தால், அந்த ஏ4 பாதையில் பின்னால் வந்த வேறொரு கொழும்பு பஸ்ஸில் சட்டிகளை மாற்றிவிட்டிருக்கலாம். யாரும் அழைக்கவில்லை. பயணிகளை மட்டும் வேறு பஸ்ஸுக்கு மாற்றினார்கள், பெட்டிகள் டிக்கியிலேயே கிடந்தன.

ஆனால் பஸ்காரரிடம் கேட்க வேண்டியது யார்? சாச்சி அல்ல. பஸ்ஸைத் தெரிவு செய்ததும் காசு கொடுத்ததும் விற்றவர். சாச்சிக்குப் பஸ்ஸின் பெயர்கூடத் தெரியாது. வாங்கியவருக்கு விற்றவர் பதில் சொல்ல வேண்டும், விற்றவர் பஸ்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ரசீது இல்லாததால் அந்த இரண்டாவது கேள்வி காற்றோடு போய்விடுகிறது என்பது விற்றவரின் துயரம், அதை வாங்கியவரின் தலையில் கட்ட முடியாது.

இப்போது "எவ்வளவு" என்பதற்கு வரலாம். அதே 1896 கட்டளைச் சட்டம் தரும் அளவுகோல் எங்கள் பாட்டிமாருக்கும் புரியும்: பொருள் சொன்னபடி வந்திருந்தால் என்ன பெறுமதியோ அதிலிருந்து, வந்த நிலையில் என்ன பெறுமதியோ அதைக் கழி. மிச்சம்தான் திருப்பித் தர வேண்டியது. இதில் ஒரு நுணுக்கத்தைக் காட்டும் வழக்கு, தற்செயலாக, 1896 ஆம் ஆண்டுத் தீர்ப்புத்தான். பேரீச்சம்பழம் ஏற்றிவந்த கப்பல் தேம்ஸ் நதியில் மூழ்கியது. எடுத்தபோது பழம் பழம் போலவே இருந்தது, ஆனால் ஆற்றின் கழிவுநீர் ஏறிப் புளித்திருந்தது. சாராயம் வடிக்க அதை விலைக்கு வாங்கவும் ஆள் இருந்தது. ஆயினும் வணிகத்தில் பேரீச்சம்பழம் என்று சொல்லக்கூடிய பொருள் அங்கே இல்லை, முழுவதும் நட்டம் என்றது நீதிமன்றம். பார்வைக்கு அதே பொருளாக இருப்பது போதாது. வட்டிலப்பம் அந்தப் பக்கம், புளித்த தயிர் இந்தப் பக்கம்.

எனவே என் கணக்கு இப்படிப் போனது. வட்டிலப்பம் இரண்டு தட்டு, 4,000 ரூபா, முழுமையாகத் திருப்ப வேண்டும். வெடித்த சட்டிக்கு அதன் விலை 700 ரூபா, அதுவும் முழுமையாக. மீதி ஐந்து சட்டி 3,500 ரூபா, சமையலுக்குத்தான் உதவும் என்பதால் பாதிப் பெறுமதி போயிற்று, 1,750. ஏன் பாதி என்று சாச்சி கேட்டார். பாணியோடு சாப்பிடும் சட்டித் தயிரை யாரும் இறைச்சி ஊறவைக்க வாங்குவதில்லை, அதற்குப் புளித்த, மலிந்த தயிர் போதும், அந்த விலை எங்கள் பக்கம் ஏறக்குறைய பாதி. இது சட்டத்தின் எண் அல்ல, சந்தையின் எண். தெஹிவளைச் சந்தையில் வேறாக இருந்தால் வேறாகத்தான் கணக்கிட வேண்டும்.

அடுத்து, சாச்சி கேட்க விரும்பாத பகுதி. பெட்டிகள் பன்னிரண்டரைக்கு வந்தும் இரண்டேகால் வரை எடுக்கப்படவில்லை. மொத்தம் எட்டேமுக்கால் மணித்தியாலத் தாமதத்தில் ஒன்றேமுக்கால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு, எங்கள் வீட்டுக்குரியது. ஜும்ஆ நேரம் என்பது உண்மை, ஆனால் பெண்கள் யாராவது முச்சக்கரவண்டியில் போயிருக்கலாம், நான் உட்பட. வட்டிலப்பத்துக்கும் வெடித்த சட்டிக்கும் அந்தத் தாமதத்தால் மாற்றமில்லை, அவை ஏற்கெனவே போனவை. புளிப்புக்கு மட்டும் அது சேர்ந்திருக்கும். ஆகவே 1,750 இல் ஐந்தில் ஒன்றைக் கழித்து 1,400.

மூன்றையும் கூட்டினால் 6,100 ரூபா. பொருட்களின் மொத்த விலையில் இது பாதிக்குச் சற்று மேல், நூற்றுக்கு 54. பஸ் கூலியிலும் அதே விகிதத்தை எடுத்தால் 650 ரூபா, ஏனென்றால் தொதலும் பாதித் தயிரும் அந்தக் கூலியில்தான் வந்து சேர்ந்தன. ஆக 6,750. சாச்சி கேட்டதில் பாதிக்குச் சற்று அதிகம், விற்றவர் தருவதாகச் சொன்னதைப்போல நான்கரை மடங்கு.

இதை "அடுத்த ஓர்டரில் கழிக்கிறேன்" என்று தருவதை நான் ஏற்கவில்லை. அடுத்த ஓர்டர் எப்போது என்று யாருக்கும் தெரியாது, மகன் மாதக் கடைசியில் கட்டாருக்குத் திரும்புகிறான். பணமாக வாங்கிய பொருளுக்குப் பணமாகத்தான் திருப்ப வேண்டும். வாங்கியவர் தானாக விரும்பினால் கழிவாக எடுத்துக்கொள்ளலாம், அது வேறு.

வீட்டுக்குள் முடியாமல் போயிருந்தால் போகக்கூடிய இடம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பவர் வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தந்த உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருள் இருந்தால், மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடலாம். விசாரித்த பின் நட்டஈடு தரவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ அதிகார சபை கட்டளையிட முடியும். 1977 என்ற இலக்கத்தில் அழைத்தும் வழி கேட்கலாம். ஆறாயிரம் ரூபாவுக்காக இதுவரை போகிறவர்கள் எங்கள் பக்கம் குறைவு. ஊருக்குள் இரு தரப்பும் இருந்தால் மத்தியஸ்த சபைதான் பழக்கப்பட்ட வழி.

எந்த இடத்துக்குப் போனாலும் கேட்கப்படும் முதல் கேள்வி, எப்போது சொன்னீர்கள் என்பது. நியாயமான நேரத்துக்குள் மறுப்புச் சொல்லாமல் பொருளை வைத்திருந்தால் அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். துணிக்கு நியாயமான நேரம் சில நாட்களாக இருக்கலாம், தயிருக்கு அது சில மணித்தியாலம்தான். பெட்டியைத் திறக்கும்போதே படம் எடுத்து, பஸ் வந்த நேரத்தையும் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். சாச்சியின் மகள் அதைச் செய்திருந்தாள். அந்த ஐந்து படங்கள் இல்லாவிட்டால் என் கணக்கு வெறும் பேச்சாகப் போயிருக்கும். மறுத்த பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டிய கடமையும் வாங்கியவருக்கு இல்லை, "சாமானைத் திருப்பி அனுப்புங்க, காசு தாறேன்" என்று நாறிய வட்டிலப்பத்தைக் கேட்பதில் அர்த்தமில்லை. அதேநேரம் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டு முழுத் தொகையும் கேட்பதும் நடக்காத காரியம்.

விற்றவரின் பக்கத்தையும் நான் கேட்டேன். வீட்டிலிருந்து செய்கிறவர், மனைவிதான் வட்டிலப்பம் அவிப்பது, தயிரை வயல் பக்கத்துப் பட்டிக்காரர் ஒருவரிடம் சட்டிக்குச் சிறு இலாபம் வைத்து வாங்கி விற்கிறார். 6,750 ரூபா என்பது அவருக்கு அந்த வாரத்தின் சம்பாத்தியம். இதற்காக அவர் தர வேண்டிய தொகை குறையாது, கேட்கும் தொனி குறையலாம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைச்சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இங்கே காய்ந்து சூடேறி இறங்கும் மாதங்களில் கொழும்பு ஓர்டர் வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் விடுமுறைக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவதும் அந்த மாதங்களில்தான்.

ஐஸ் போடலாமே என்று நான் சொன்னபோது, ஒருமுறை போட்டுப் பார்த்தும் பயனில்லை என்றார். விசாரித்தால், இளஞ்சூட்டு வட்டிலப்பத்தோடு ஐஸ் கட்டியை வைத்திருக்கிறார். ஒரு கிலோ ஐஸ் முழுவதும் உருகினால் நான்கு கிலோ உணவை ஏறக்குறைய 20 பாகை குறைக்க முடியும், அவ்வளவுதான். 30 பாகையில் இருக்கும் தட்டுகளை 10 பாகைக்குக் கொண்டுவரவே அந்த ஐஸ் செலவாகிவிடும், வழிச்சூட்டைத் தாங்க எதுவும் மிஞ்சாது. முதல் நாளே அவித்து, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் உள்வரை குளிரவிட்டு, மீன்காரர்கள் பாவிக்கும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸோடு வைத்தால்தான் அந்த ஐஸ் பயணத்துக்கு வேலை செய்யும். பெட்டிச் செலவு, ஐஸ் செலவு, ஒரு நாள் மின்சாரம் எல்லாம் சேர்ந்து தட்டுக்கு விலை ஏறும். அந்த விலையைத் தர மாட்டேன் என்கிறவருக்குப் பஸ்ஸில் வட்டிலப்பம் அனுப்பக் கூடாது.

கடைசியில் அவர் 6,000 ரூபா அனுப்பினார். 750 ரூபாவைச் சாச்சி விட்டுக்கொடுத்தார், மகன் தொதலைப் பிடித்துத் தின்றதால் மனம் இளகியிருக்கலாம். பஸ்காரரிடம் விற்றவர் கேட்டுப் பார்த்தாராம், "அடுத்த முறை பார்சல் ஒண்டு சும்மா கொண்டு போறேன்" என்றாராம் கொண்டக்டர்.

இப்போது அவர் கச்சான் மாதங்களில் வட்டிலப்பத்தைக் கல்முனைக்கு அப்பால் அனுப்புவதில்லை. தயிர்ச் சட்டிகளை இரண்டு வரிசையாக அடுக்காமல், பக்கங்களில் துளையிட்ட பெட்டியில், இடையில் வைக்கோல் வைத்து ஒற்றை வரிசையாகக் கட்டுகிறார். பெட்டியின் மேல் தன் இலக்கத்தையும் ஏற்றிய நேரத்தையும் மார்க்கரால் எழுதி, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் "பஸ் நிண்டா கோல் எடுங்க" என்று எழுதிவிடுகிறார்.